உளி எடுப்பதற்கு முன்: பெரியம்மா படத்தை இரண்டாம் முறை வரைந்த கதை

பெரியம்மாவுக்கு 80 வயது நிறைவதையொட்டி ஆர்.கே.புரம் வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு என்று முடிவானது. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க நானே ஒரு லினோ அச்சுப் படம், அதாவது லினோலியத் துண்டை உளியால் வெட்டி மை போட்டுத் தாளில் எடுக்கும் படம், செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். 60 பிரதி. என்ன படம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டெல்லிக் குளிர்காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் பெரியம்மாவைத் தேடினால் மொட்டைமாடியில்தான் இருப்பார். நாற்காலி, தோளில் பின்னல் ஷால், உள்ளே கட்டம் போட்ட புடவை, மடியில் எவர்சில்வர் தட்டு, தட்டு நிறைய உரித்த பட்டாணி. படத்துக்குக் கீழே 'பெரியம்மாவின் வெயில்' என்று எழுத்து.

15க்கு 20 சென்டிமீட்டர் லினோத் துண்டை எடுத்து, கைபேசியில் இருந்த போட்டோவைப் பார்த்து லினோவின் மேலேயே பென்சிலால் வரைந்தேன். எழுத்தை மட்டும் இடவலம் மாற்றி எழுதினேன். நான்கு சாயங்காலம் மயூர் விஹார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெட்டி, ஐந்தாம் நாள் ரோலரால் மை போட்டு, தாளை மேலே வைத்துத் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து உரித்துப் பார்த்தால், படத்தில் பெரியம்மாவைக் காணோம்.

மூக்குக்கண்ணாடி தெரிந்தது. நாற்காலிக் கால் தெரிந்தது. வெள்ளை முடி வெள்ளைச் சுவரோடு கரைந்துவிட்டது. புடவைக் கட்டம் மை அடைத்து அழுக்குத் துணி மாதிரி இருந்தது. தட்டில் இருந்த பட்டாணி எல்லாம் உடைந்த வளையல் துண்டுகள் போலக் கிடந்தன. பத்தாவது பிரதி எடுப்பதற்குள் 'ம்' எழுத்தின் புள்ளி பிய்ந்து ரோலரோடு போய், 'பெரியமமா' என்று ஆகிவிட்டது. அந்தப் பத்தில் ஒன்றைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "நான் எப்போடி வலது தோள்ல தலைப்பு போட்டேன்? மூக்குத்தியும் இந்தப் பக்கம் வந்துடுத்தே" என்றார்.

எழுத்தை இடவலம் மாற்ற நினைவிருந்தது, ஆளை மாற்ற நினைவில்லை. பிளாக்கில், அதாவது வெட்டிய லினோத் துண்டில், இருப்பது தாளில் இடவலம் மாறித்தான் விழும். நம் ஊர்ப் புடவைக்கட்டில் தலைப்பு இடது தோளில் இருக்கும் என்பதை நம் கண் யோசிக்காமலே எதிர்பார்க்கிறது. அது மாறினால் பார்க்கிறவருக்கு ஆளே வேறு யாரோ என்று தோன்றும்.

பெரியம்மா வீட்டுக்கு அடுத்த குடியிருப்பில் ஒரு மாமா இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாக மரத்திலும் லினோவிலும் வெட்டுகிறவர். கெட்டுப்போன பத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இது முடிஞ்சுபோனதும்மா. நீ வரைஞ்சது எங்க?"

"லினோ மேலயே வரைஞ்சேன் மாமா."

"அப்ப யாரும் படிச்சுப் பார்க்கலை. நீயும் படிக்கலை. அதே அளவுல பேப்பர்ல வரைஞ்சு கொண்டா, உக்காந்து பார்க்கலாம்."

மறுநாள் பென்சில் ஓவியத்தோடு போனேன். எனக்கு அது பிடித்திருந்தது. கன்னத்தில் மெல்லிய நிழல், ஷாலில் மடிப்புக்கு மடிப்பு ஒரு சாம்பல் நிறம். மாமா கன்னத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த இடம் நிக்குமா, போகுமா?"

என்னிடம் பதில் இல்லை. லினோவில் ரோலர் தொடும் இடமெல்லாம் ஒரே கறுப்பு. உளி எடுத்துப்போட்ட இடமெல்லாம் தாளின் வெள்ளை. நடுவில் ஒன்றும் கிடையாது. பென்சிலால் சாம்பல் நிறம் பூசும்போதெல்லாம் நான் ஒரு முடிவைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். தள்ளிப்போட்ட முடிவுகளை எல்லாம் பிறகு உளி கையில் இருக்கும்போது, அவசரத்தில், ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். முதல் பிளாக் கெட்டது அங்கேதான்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். பென்சில் ஓவியத்தின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, கறுப்பு போஸ்டர் கலரையும் ஒரு நடுத்தரத் தூரிகையையும் மட்டும் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி போட வேண்டும். கோடு வரையக்கூடாது, இடங்களை நிரப்ப வேண்டும். கறுப்பின் மேல் வெள்ளைக் கோடு தேவைப்பட்டால் வெள்ளை போஸ்டர் கலரால் மேலே போட வேண்டும், ஏனென்றால் உளி செய்வது அதைத்தான்: கறுப்பின் மேல் வெள்ளையைப் போடுகிறது. வெள்ளை நடுவே கறுப்புக் கோடு வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டர் முனையுள்ள மார்க்கரை எடுக்கலாம், அதைவிட மெல்லியது எதையும் எடுக்கக்கூடாது. கூரான பேனாவால் வரைந்தால் கை தானாகவே வெட்ட முடியாத கோடுகளைப் போடும். வரைகிற கருவி தடித்ததாக இருந்தால் பாதித் தப்பு வரைவிலேயே வராது.

இப்படி நிரப்ப ஆரம்பித்ததும் முதலில் வந்த கேள்வி பின்சுவர். போட்டோவில் அது வெயில் பட்ட வெள்ளைச் சுவர். பெரியம்மாவின் முடியும் வெள்ளை. வெள்ளை முடியை வெள்ளைச் சுவரில் காட்ட வேண்டுமானால் முடியைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட வேண்டும். முதல் பிளாக்கில் அதைத்தான் செய்திருந்தேன். அந்தக் கோடு அரை மில்லிமீட்டர், பாதி உடைந்துவிட்டது. உடையாமல் நின்றிருந்தாலும் முடி வெளிச்சமாகத் தெரிந்திருக்காது. கம்பியால் வளைத்த உருவம் போலத்தான் இருந்திருக்கும். மாமா ஒரு பழைய கேட்டலாக்கை எடுத்து, நந்தலால் போஸ் 1930ல் தண்டி யாத்திரையையொட்டி வெட்டிய காந்தி லினோவைக் காட்டினார். பின்னணி கறுப்பு, அதில் கோலூன்றி நடக்கும் மனிதர் வெள்ளைக் கோடுகளால் ஆனவர். திறந்தவெளியில் நடந்த யாத்திரை அது. இருந்தும் அந்தக் கறுப்பைப் பார்த்து யாரும் இரவு என்று நினைப்பதில்லை. "சுவர் நிஜத்துல என்ன நிறம்னு கேக்காத. முடிக்குப் பின்னால என்ன நிறம் வேணும்னு கேளு" என்றார் மாமா.

சுவர் கறுப்பானது. முடி ஒரு கோடும் இல்லாமல் வெளியே வந்துவிட்டது.

ஆனால் இப்போது 15 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 9 உயரத்துக்கும் ஒரே கறுப்பு. பெரிய கறுப்பு என்றால் வெட்டும் வேலை மிச்சம், நல்லதுதானே என்று நினைத்தேன். வெட்டும் வேலை மிச்சம்தான்; கஷ்டம் அச்சில் வரும், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் யாரிடமும் அச்சு இயந்திரம் இல்லை. மரக்கரண்டியின் முதுகால் தாளின் பின்பக்கத்தைத் தேய்ப்பதுதான் எங்கள் அச்சு. கரண்டி ஒரு நேரத்தில் விரல் நகம் அளவு இடத்தைத்தான் அழுத்துகிறது. பெரிய கறுப்பில் ஒரு இடம் விட்டுப்போனாலும் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதைத் தவிர்க்க ரோலரில் மையைக் கூட்டினால் கறுப்பு நிறைவாக விழும். ஆனால் அதே மை அதே பிளாக்கில் இருக்கும் மெல்லிய வெள்ளைக் கோடுகளுக்குள் வழிந்து அவற்றை அடைத்துவிடும். பெரிய கறுப்புக்குப் போதுமான மை மெல்லிய கோட்டுக்கு அதிகம். மெல்லிய கோட்டுக்குச் சரியான மை பெரிய கறுப்புக்குப் போதாது. முதல் பிளாக்கில் என் புடவைக் கட்டம் அழுக்கானதற்குக் காரணமும் இதுதான். நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஒரு நிழல் நிறைவாக விழவில்லை என்று மையைக் கூட்டிக்கொண்டே போனேன், கட்டம் அடைத்துப்போனது.

ஆகவே வரைவைப் பார்க்கும்போது கறுப்பையும் கோட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது. இந்தக் கறுப்பும் இந்தக் கோடும் ஒரே மையில் பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். வழி இரண்டு. பெரிய கறுப்பை அங்கங்கே உளிக் கீறல்களால் உடைக்கலாம், அப்போது சின்ன விடுதல்கள் கண்ணில் படாது, மையும் குறைவாகப் போதும். அல்லது எல்லா வெள்ளைக் கோட்டையும் தடிக்க வைக்கலாம். நாங்கள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தோம். சுவரில் வெயில் வரும் திசையில் சாய்வாகக் குட்டிக் குட்டி வெள்ளைக் கீறல்கள், யு வடிவ முனையுள்ள உளியால் ஒரு தள்ளு அளவுக்கு. அவற்றை எங்கே வைப்பது என்பதில் மாமா ரொம்பக் கண்டிப்பு. முடியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறலும் கூடாது என்றார். தூய கறுப்பும் தூய வெள்ளையும் தொடும் இடத்துக்குத்தான் கண் முதலில் போகும். அந்த இடம் முடியாக இருக்க வேண்டும். மூலையில் இருக்கும் சுவராக இருக்கக்கூடாது. கீறல்கள் ஓரத்தில் நெருக்கமாக ஆரம்பித்து, முகத்தை நெருங்க நெருங்கக் குறைந்து நின்றுவிட்டன.

சுவர் கறுப்பு என்று முடிவானதும் மற்ற எல்லாம் வரிசையாக மாற வேண்டியிருந்தது. ஷாலை முதலில் கறுப்பாக நிரப்பியிருந்தேன், போட்டோவில் அது கரும்பச்சை என்பதால். கறுப்பு ஷால் கறுப்புச் சுவரைத் தொட்டதும் பெரியம்மாவின் தோளே போய்விட்டது. இரண்டு கறுப்புகள் தொடும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை இழுத்துப் பிரிக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஓரிரு இடத்தில் சரிதான். எல்லா ஓரத்திலும் அப்படி இழுத்தால் படம் முழுக்க ஒரே தடிமனில் வேலி போட்டதுபோல் ஆகிவிடும். எனக்குப் பிடித்தது மற்ற வழி: ஒன்றை மாற்றிவிடுவது. சுவர் கறுப்பு, ஷால் வெள்ளை, அதற்குள் தெரியும் புடவை கறுப்பு, மடியில் தட்டின் விளிம்பு வெள்ளை, தட்டின் உள்பக்கம் கறுப்பு, பட்டாணி வெள்ளை. பாய் முடைவது மாதிரி ஒன்று மேலே வந்தால் அடுத்தது கீழே போகிறது.

ஷால் வெள்ளையானபோது அடுத்த சிக்கல் வந்தது. 5 சென்டிமீட்டருக்கு 6 என்று வெறும் வெள்ளை இடம் விட்டால், மை போடும்போது ரோலர் அந்தப் பள்ளத்தில் இறங்கி அடியைத் தொடும். தேய்க்கும்போது தாளும் தொய்ந்து அந்த மையை எடுத்துக்கொள்ளும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தூசு வரிகள் விழும். ஆழமாக வெட்டினால் குறையும், ஆனால் லினோ மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் தடிமன், அடியில் சணல் துணி வந்துவிடும். மாமா, ஷாலின் பின்னலைக் காட்டும் குட்டிக் கறுப்புத் திட்டுகளை அங்கங்கே விட்டுவிடச் சொன்னார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டருக்குள். பார்க்க அவை பின்னல். அச்சு நேரத்தில் அவைதான் ரோலரையும் தாளையும் தாங்கும் தூண்கள். இதை நான் அன்றைக்கு ரொம்ப ரசித்தேன். படத்துக்கு வேண்டியதும் அச்சுக்கு வேண்டியதும் ஒரே கீறலில் கிடைக்கும்போது வரைவு சரியான பக்கம் போகிறது என்று அர்த்தம்.

புடவைக் கட்டம்தான் என்னை நான்கு சாயங்காலத்தில் இரண்டரைச் சாயங்காலம் உட்கார வைத்தது. வெள்ளைத் துணியில் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன என்று வரைந்திருந்தேன். பேனாவுக்கு அது பத்துப் பன்னிரண்டு இழுப்பு. லினோவில் அந்தக் கோடுகள் நிற்க வேண்டுமென்றால், கோடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு குட்டிச் சதுரத்தையும் நான்கு மூலையும் சிதையாமல் தனித்தனியாகத் தோண்டி எடுக்க வேண்டும். அதையே புரட்டி, கறுப்புப் புடவையில் வெள்ளைக் கட்டம் என்று மாற்றினால் ஒவ்வொரு கோடும் வி வடிவ முனையுள்ள உளியின் ஒரே தள்ளு. நடுவில் மிஞ்சும் கறுப்புச் சதுரங்கள் 4 மில்லிமீட்டர் அகலம், அசையாமல் நிற்கும். அதே கட்டம், அதே புடவை; வேலை கால் மணி நேரம். வரைவைப் பார்க்கும்போது குறுக்குக் கோடு எங்கே தென்பட்டாலும் நின்று கேட்க வேண்டிய கேள்வி இது: குறுக்கே போவது நிற்கும் கோடா, வெட்டும் கோடா?

பட்டாணிக்கும் அதே கதை. வெள்ளைத் தட்டில் வட்டம் வட்டமாகக் கறுப்பு விளிம்பு போட்டிருந்தேன். ஒவ்வொரு விளிம்பும் தனியாக நிற்கும் மெல்லிய வளையம், அதனால்தான் உடைந்தது. தட்டின் உள்பக்கத்தைக் கறுப்பாக்கிவிட்டால் ஒரு பட்டாணி என்பது யு உளியைக் குத்தி நிறுத்தி, பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றுவது. உளியைத் திருப்பக்கூடாது, பிளாக்கைத்தான் திருப்ப வேண்டும். அப்போதுதான் வட்டம் வட்டமாக வரும். எவர்சில்வர் தட்டு வெயிலில் பளபளக்குமே, அது கறுப்பாக இருக்கலாமா என்று எனக்குத் தயக்கம். விளிம்பை மட்டும் ஒரு வெள்ளை வளையமாக, வெயில் படும் பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் விட்டோம். பளபளப்புக்கு அது போதுமாக இருந்தது.

லினோ ஏன் இப்படி உடைகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, அதில் கார்க் தூளும் மரப்பிசினும் கலந்து சணல் துணியில் படிய வைத்தது லினோலியம். 1860களில் இங்கிலாந்தில் தரைவிரிப்புக்காக வந்த பொருள். அதற்குள் நார் கிடையாது. மெல்லிய கறுப்புக் கோடு என்பது தூளைப் பிசினால் ஒட்டி நிறுத்திய ஒரு குட்டிச் சுவர். எந்தப் பக்கமும் வளைத்து வெட்டலாம் என்பது லினோ தரும் சுகம். தனியாக நிற்கும் எதற்கும் பலம் கிடையாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. மரப்பலகையில் நிலைமை வேறு. அங்கே நார் ஓடும் திசையில் போகும் கோடு ரொம்ப மெல்லியதாக இருந்தாலும் நிற்கும். நாருக்குக் குறுக்கே போகும் மெல்லிய கோடு சிம்பு சிம்பாகப் பெயரும். இதே படத்தை மரத்தில் வெட்டுவதாக இருந்தால், நாற்காலிக் கால்களும் உடம்பும் நிற்கும் திசையில் நார் ஓடும்படி பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் வரைவையே தொடங்க வேண்டும் என்றார் மாமா.

தனியாக நிற்பதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் தீவு. சுற்றிலும் வெள்ளை, நடுவில் சின்னக் கறுப்பு. தீவு 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படு என்பார். தமிழ் எழுத்தில் இந்தத் தீவு கூடவே பிறந்தது: புள்ளி. 'பெரியம்மாவின் வெயில்' என்பதில் ம், ன், ல் என்று மூன்று புள்ளி. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து வேண்டுமென்று வெட்டினால் மூன்றும் எந்த நேரமும் பிய்யக் காத்திருக்கும் மூன்று தீவுகள். அதோடு 'பெ', 'வெ' இவற்றின் கொம்பில் இருக்கும் சுழியின் உள்வெள்ளையைத் தோண்டுவதும் பெரும்பாடு. படத்தின் அடியில் 22 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை விட்டு, எழுத்தை அதில் வெள்ளையாக வெட்டினோம். புள்ளி என்பது உளியின் ஒரு குத்து. சுழியின் உள்ளே நிற்கும் கறுப்பு இப்போது குட்டித் தீவாகிவிடுகிறதே என்று கேட்டேன். அதனால்தான் எழுத்தின் உடல் உயரம் 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றார். அந்த அளவில் கோட்டின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தாலும் சுழிக்குள் 2 மில்லிமீட்டர் கறுப்பு நிற்கும். அதைவிடச் சின்ன எழுத்து வேண்டுமென்றால் பேசாமல் பேனாவால் எழுதிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

முகத்துக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. வெயில் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, அதனால் ஒரு கன்னம் வெள்ளை, மறு கன்னம் கறுப்பு என்று பிரித்தோம். பயமாகத்தான் இருந்தது, பாதி முகத்தைக் கறுப்பில் மூழ்கடிப்பது. சுருக்கங்களை எல்லாம் வெளிச்சப் பக்கத்தில் கறுப்புக் கோடாக வைத்திருந்தேன்; அவை முகத்தில் கீறியதுபோல் இருந்தன. மாமா அவற்றை அழித்துவிட்டு, நிழல் பக்கத்தில் மட்டும் நாலைந்து வெள்ளைக் கோடுகளாகப் போடச் சொன்னார். மூக்குக்கண்ணாடியில்தான் எனக்கு உண்மையாகவே ஏதோ திறந்தது. நிழல் கன்னத்தின் மேல் அதன் வளையம் வெள்ளைக் கோடு. மூக்கைத் தாண்டி வெளிச்சக் கன்னத்துக்கு வந்ததும் அதே வளையம் கறுப்புக் கோடாக மாறுகிறது. பொருள் ஒன்றுதான், பின்னால் இருப்பது மாறியதால் இது மாறிக்கொள்கிறது. அந்தக் கறுப்பு வளையம் மட்டும் வெள்ளை நடுவே நிற்க வேண்டியிருந்தது. அதைத் தீவாக விடாமல் மேல்முனையைப் புருவத்தின் கறுப்பிலும் உள்முனையை மூக்கின் நிழலிலும் கொண்டுபோய் ஒட்டினோம். கைகோத்து நிற்கும் கோடு விழாது.

கறுப்பு வெள்ளை வரைவு முடிந்ததும் அதை அறையின் அந்தக் கோடியில் சாய்த்து வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தோம். பிறகு தலைகீழாகத் திருப்பி வைத்து. அப்போது அது பெரியம்மாவாக இல்லாமல் வெறும் இடங்களாகத் தெரியும். எங்கே கறுப்பு தேங்கியிருக்கிறது, எங்கே ஓரம் தொலைகிறது என்பது உடனே பிடிபடும். கீழே நாற்காலியின் அடி நிழலும் எழுத்துப் பட்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு கனமான கட்டியாக இருந்தது அப்படித்தான் தெரிந்தது. நடுவே தரையை ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் திறந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து நான் கைபேசியில் படம் எடுத்து, கான்ட்ராஸ்டை முழுக்க ஏற்றி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அந்த அளவிலும் ஒரு வயதான பெண்மணி மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தட்டில் இருப்பது பட்டாணி என்று தெரியவில்லை. பரவாயில்லை, அது கிட்டே வந்து பார்க்கிறவர்களுக்கு.

லினோவுக்கு மாற்றும்போது டிரேசிங் தாளைக் கவிழ்த்து வைத்தேன். கீழே கார்பன் தாள், மேலே முதுகு காட்டும் டிரேசிங். படமும் எழுத்தும் சேர்ந்தே இடவலம் மாறிவிட்டன. மாற்றியதைக் குளியலறைக் கண்ணாடி முன் தூக்கிப் பிடித்து மூன்றைப் பார்த்தேன்: தலைப்பு இடது தோள், மூக்குத்தி வலது மூக்கு, எழுத்து படிக்க வருகிறது. பிறகு நிற்க வேண்டிய இடங்களை எல்லாம் அழியாத மார்க்கரால் கறுப்பாக நிரப்பினேன். அரை மணி நேரம் பிடிக்கும் இந்த வேலையை யாரும் விடக்கூடாது. வெட்டிக்கொண்டிருக்கும்போது இது நிற்பதா போவதா என்று மறந்துபோவது நிச்சயம் நடக்கும்.

அந்த வாரம் டெல்லியில் பனிமூட்டம், மொட்டைமாடியில் வெயிலே இல்லை. குளிரில் லினோ பலகாரம் மாதிரி விறைத்துப்போய், உளிக்கு முன்னால் ஓரம் ஓரமாக உதிரும். வெந்நீர்ப் பையின் மேல் பத்து நிமிஷம் வைத்து வைத்து வெட்டினேன். சூடானால் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும். மூக்குக்கண்ணாடியையும் எழுத்தையும் முதலில் முடித்தேன், சுற்றிலும் இன்னும் நிற்கும் லினோ அவற்றைத் தாங்கும்போதே. பெரிய வெள்ளைகள் கடைசியில். நிற்கும் கோட்டின் இரண்டு பக்கமும் உளியை வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் வரும்படி வெட்ட வேண்டும், வரப்பு போடுவதுபோல. உள்பக்கம் சாய்ந்துவிட்டால் கோட்டின் அடியே அரிபட்டு, அது பத்துப் பிரதிகூடத் தாங்காது. இரண்டு சாயங்காலத்தில் வேலை முடிந்தது.

முதல் சோதனைப் பிரதியில் இரண்டு குறை. நிழல் கன்னம் நினைத்ததைவிடக் கனமாக விழுந்தது. அங்கே இரண்டு வெள்ளைக் கோடு கூட்டினேன். ஷாலின் ஒரு மூலையில் பின்னல் திட்டுகளை அதிக இடைவெளி விட்டு வைத்திருந்ததால் தூசு வரி விழுந்தது. வெட்டியதைத் திருப்பி ஒட்ட முடியாதே. அந்த மூலையை இன்னும் ஆழமாகத் தோண்டினேன், அப்படியும் போகாததால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டுச் செய்தித்தாளை வெட்டி மறைத்துவைத்து ஒவ்வொரு பிரதியையும் எடுத்தேன். வெட்டும்போது சந்தேகமான இடத்தை நிற்க விடுவது எப்போதும் நல்லது. சோதனைப் பிரதிக்குப் பிறகும் எடுத்துவிடலாம்.

சாவ்ரி பஜாரில் வாங்கிய மெல்லிய நேபாளத் தாளில் ஒரு பிரதிக்கு நாலைந்து நிமிஷத் தேய்ப்பு. ரோலர் மெல்லிய சரசரப்போடு ஓடும்வரைதான் மை போட்டேன். சவக் சவக்கென்று ஒட்டுகிற சத்தம் வந்தால் மை அதிகம் என்று அர்த்தம், அன்றைக்குப் புடவைக் கட்டத்தில் அதுதான் ஆனது. 60 பிரதியை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தேன். கடைசிப் பிரதியிலும் மூன்று புள்ளியும் இருந்தன.

சாப்பாட்டுக்கு முந்தின நாள் ஒரு பிரதியையும் பிளாக்கையும் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். பிரதியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொண்டார். பிளாக்கைத்தான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார், கட்டைவிரலால் பட்டாணிக் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவியபடி. பிறகு அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுல மட்டும் இன்னும் வலது தோள்லயே இருக்கேடி."

"அதுல அப்படித்தான் இருக்கணும் பெரியம்மா."